நான்கு பேர், ஒரு வண்டி: வேலையைப் பிரிக்கும் முன் எல்லையை எழுதுங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு. தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பின்பற்றிப் போய், குறுக்கே ஏதாவது வந்தால் நிற்கும் சின்ன வண்டிதான் எங்கள் ப்ராஜெக்ட். இஎஸ்பி32 போர்டு, இரண்டு மோட்டார், ஐந்து கோடு சென்சார், மூன்று அல்ட்ராசோனிக் சென்சார், போனில் பார்க்க ஒரு பக்கம். 16 வாரம் இருக்கிறது. ஒருவர் சர்க்யூட், ஒருவர் ப்ரோகிராம், ஒருவர் ஆப், ஒருவர் ரிப்போர்ட் என்று பிரித்திருக்கிறோம். போன வருட சீனியர்களுக்குத் தனித்தனியாக எல்லாமே ஓடியது, சேர்த்ததும் ஓடவில்லை. எங்களுக்கு அப்படி ஆகாமல் இருக்க எப்படிப் பிரிப்பது? நால்வரில் ஒருவன் ஒழுங்காக வருவதும் இல்லை.

பதில்: முதல் வேலையாக, ரிப்போர்ட்டுக்கென்று ஓர் ஆளை ஒதுக்கியிருப்பதைக் கலையுங்கள். ரிப்போர்ட் எழுதுபவருக்குப் பன்னிரண்டாவது வாரம் வரை எழுத ஒன்றும் இருக்காது. அதன் பிறகு எழுத வேண்டியதெல்லாம் மற்ற மூவரின் தலைக்குள் இருக்கும், அவர்களுக்கோ அப்போது பேச நேரம் இருக்காது. அவரவர் செய்ததை அவரவரே அந்தந்த வாரம் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். கடைசியில் தொகுக்கத்தான் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்தது சர்க்யூட், ப்ரோகிராம் என்ற பிரிவு. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் சீனியர்களைக் கவிழ்த்தது இதுவாகத்தான் இருக்கும். சர்க்யூட்காரர் சென்சாரில் வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்த்து "என் பக்கம் சரி" என்பார். ப்ரோகிராம்காரர் கம்பைல் ஆகிறதா என்று பார்த்து அதையே சொல்வார். சென்சார் தந்த எண் வண்டி திரும்ப வேண்டிய நேரத்துக்குள் வந்து சேர்ந்ததா என்பது இருவர் பட்டியலிலும் இல்லை. ஆகவே குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டுங்கள். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் வயர், கொஞ்சம் ப்ரோகிராம், இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் பொறுப்பு மூன்றும் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டிக்கு நான் இப்படிப் பிரிப்பேன். ஒருவர் சக்கரம்: பேட்டரி, வோல்ட்டேஜ் மாற்றும் போர்டு, மோட்டார் டிரைவர், அடித்தட்டு, மோட்டாரை ஓட்டும் ஃபங்ஷன். ஒருவர் கண்: எட்டு சென்சார்களும் அவற்றைப் படித்து எண்ணாகத் தரும் ஃபங்ஷன்களும். ஒருவர் தலை: முடிவெடுக்கும் மெயின் ப்ரோகிராம், போர்டின் எந்தப் பின்னில் எது என்ற அட்டவணை, எல்லாம் வந்து சேரும் கோப்பு. ஒருவர் வாய்: வைஃபை, போன் பக்கம், ஓட்டத்தின்போது நடந்ததைப் பதிவு செய்தல், கூடவே சோதனைத் தளம் போட்டு அளப்பது. தலை சுமக்கும் வேலை ஆரம்பத்தில் கம்மியாகவும் ஏழாவது வாரத்துக்கு மேல் ரொம்பவும் இருக்கும். கண் அதற்கு நேர்மாறு, அதனால் பின்பாதியில் கண் தலைக்குக் கைகொடுக்கலாம். நான்கும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

இதோடு ஒரு விதி. ஒருவர் செய்ததை "ஆச்சு" என்று கையெழுத்துப் போடுவது இன்னொருவராக இருக்க வேண்டும். செய்தவர் பக்கத்தில் நிற்கலாம், வயரைத் தொடக்கூடாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. செய்தவர் கைக்குத் தெரியும், எந்த வயரை லேசாக அழுத்தினால் ஓடும் என்று. அடுத்தவர் கைக்குத் தெரியாது. டெமோ அன்று அந்த வயரை அழுத்திக்கொண்டு வண்டி பின்னாலேயே ஓட முடியாது.

இனி, பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது. நால்வரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் எழுதுங்கள். ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடங்களில் என்ன கைமாறுகிறது என்பதுதான் அந்தத் தாள். எந்தப் பின் யாருக்கு, எந்த வயரில் எத்தனை வோல்ட், யார் எவ்வளவு கரண்ட் இழுப்பார்கள், எந்த ஃபங்ஷன் என்ன எண் தரும் என்பதோடு, எல்லோரும் விட்டுவிடும் ஐந்தாவது ஒன்றும் உண்டு: அந்த ஃபங்ஷன் எத்தனை மில்லிசெகண்டுக்குள் திரும்பி வரும். ப்ரோகிராம் பக்கத்துக்கு அந்தத் தாள் இவ்வளவுதான்:

```cpp
int  lineError();             // -100..100, 2 ms
int  obstacleCm();            // 0 = எதுவும் இல்லை, 6 ms
void drive(int l, int r);     // -255..255, உடனே
void report(int e, int cm);   // 1 ms
```

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு, நான் உட்கார்ந்து பிழை தேடிய ஒரு வண்டியின் கதை. கிட்டத்தட்ட உங்களுடையதேதான். கண் பார்த்தவர் மூன்று அல்ட்ராசோனிக் சென்சாரையும் மேஜையில் வைத்து, எதிரே அரை மீட்டரில் புத்தகத்தை நிறுத்திச் சோதித்தார். தூரம் துல்லியமாக வந்தது. தலை பார்த்தவர் கோடு சென்சாரை மட்டும் வைத்து வண்டியை ஓட்டினார். செங்குத்தான வளைவிலும் அழகாகத் திரும்பியது. இரண்டையும் சேர்த்தார்கள். நேர்கோட்டில் போன வண்டி, வளைவு வந்ததும் டேப்பைத் தாண்டி நேரே சுவரைப் பார்த்துப் போனது. வேடிக்கை என்னவென்றால், எதிரே யாராவது நின்று பார்த்தால் ஒழுங்காகத் திரும்பும். விலகி நின்றால் தப்பிவிடும். இரண்டு நாள் கோடு சென்சாரின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் கணக்கில் இருந்தது. எதிரே அரை மீட்டரில் பொருள் இருந்தால் ஒலி போய் வர 3 மில்லிசெகண்ட். மூன்று சென்சாருக்கு 9. எதிரே ஒன்றுமே இல்லையென்றால் இந்த வகை சென்சார் எதிரொலிக்காகக் காத்துக் காத்து, ஏறக்குறைய 38 மில்லிசெகண்ட் கழித்துத்தான் கைவிடும். எதிரொலி நேரத்தை அளக்கும் `pulseIn` ஃபங்ஷன் அதுவரை ப்ரோகிராமை அப்படியே நிறுத்தி வைத்திருக்கும். மூன்றுக்கு 114 மில்லிசெகண்ட். வண்டியின் வேகம் வினாடிக்கு 40 சென்டிமீட்டர், டேப்பின் அகலம் 2 சென்டிமீட்டர். வளைவில் குறுக்கே கிடக்கும் டேப்பை சென்சார் 50 மில்லிசெகண்டில் கடந்துவிடும். 114 மில்லிசெகண்ட் கண்ணை மூடிக்கொண்டு போகிற வண்டிக்கு அந்த டேப் இருந்ததே தெரியாது. பாதை காலியாக இருக்கும்போதுதான் வண்டி குருடாகிறது. மேஜைச் சோதனையில் பாதை ஒருபோதும் காலியாக இல்லை.

சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஒரு சுற்றுக்கு மூன்றையும் படிக்காமல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சென்சார் என்று முறைவைத்தார்கள். `pulseIn`-க்கு மூன்றாவது எண்ணாக 6000 மைக்ரோசெகண்ட் கொடுத்தார்கள். 80 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதைப் பற்றி வண்டிக்குக் கவலையில்லை. அதுவரை போய்வர 5 மில்லிசெகண்டுக்குள் போதும், 6-க்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது வண்டி கண்மூடிப் போகும் தூரம் இரண்டரை மில்லிமீட்டர். ஒரே சென்சாரை மறுபடி கிளப்பும் முன் 60 மில்லிசெகண்ட் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் முந்தைய காத்திருப்பு முடியும் முன்பே அடுத்தது தொடங்கிக் குழப்பும். மூன்றையும் முறைவைத்தால் இந்த இடைவெளி தானாகவே வந்துவிடும்.

இந்தப் பிழை யாருடையது? கண்காரர் ஃபங்ஷன் சரியான தூரம் தந்தது. தலைக்காரர் ஃபங்ஷன் சரியாகத் திரும்பியது. தாளில் "6 ms" என்று எழுதியிருந்தால் கண்காரர் மேஜையிலேயே அளந்திருப்பார். புத்தகத்தை எடுத்துவிட்டும் அளந்திருப்பார். மெயின் ப்ரோகிராமில் முதல் நாளிலிருந்தே இந்த நான்கு வரி இருக்கட்டும்:

```cpp
unsigned long t = micros();
oneStep();
unsigned long d = micros() - t;
if (d > worst) worst = d;
```

`worst` எவ்வளவு என்று வினாடிக்கு ஒருமுறை சீரியலில் அச்சாகட்டும். 10,000 மைக்ரோசெகண்டைத் தாண்டினால் அன்றைக்குச் சேர்த்த பகுதியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

எல்லையில் ஒளிந்திருக்கும் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பின் அட்டவணையிலேயே தெரிந்துவிடும். இஎஸ்பி32-இல் அனலாக் படிக்கும் பின்கள் இரண்டு குழுக்கள். `ADC2` குழுவை வைஃபை ஓடும்போது நம்ப முடியாது. கண்காரர் கோடு சென்சாரை `GPIO25`, `GPIO26`, `GPIO27`-இல் கோத்தால் அவர் மேஜையில் பிரமாதமாக ஓடும். வாய்க்காரர் வைஃபையை ஏற்றியதும் அந்த மூன்றும் செத்துவிடும். `GPIO32` முதல் `GPIO39` வரையுள்ளது `ADC1`. சாதாரண போர்டில் அதில் ஆறு பின்கள் வெளியே வரும், உங்களுக்கு ஐந்து போதும். இதனால்தான், வாய்க்காரர் வேலை முடியாவிட்டாலும், வெறும் வைஃபையை இணைத்து வைக்கும் இரண்டு வரியை மூன்றாவது வாரமே மெயின் ப்ரோகிராமில் போடச் சொல்வேன். எல்லாச் சோதனையும் வைஃபை ஓடும்போதே நடக்கட்டும்.

சரி, வாரங்கள். மைல்கல் என்று "சென்சார் வேலை 80 சதவீதம்" போன்றதை எழுதாதீர்கள். மூன்றாம் ஆள் வந்து ஐந்து நிமிடத்தில் ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரத்தில் தாள் முடிந்து பொருள்களுக்கு ஆர்டர் போயிருக்க வேண்டும். போர்டும் மோட்டார் டிரைவரும் இரண்டிரண்டாக வாங்குங்கள். மூன்றாவது வாரம் வெற்று வண்டி: மேலே உள்ள நான்கு ஃபங்ஷனும் பொய் எண் தந்துகொண்டு, `lineError` எப்போதும் 0, `obstacleCm` எப்போதும் 0 என்று, முழு ப்ரோகிராமும் போர்டில் ஏறி ஓட வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றிலிருந்து உங்களிடம் எப்போதும் சேர்ந்த நிலையில் ஒரு வண்டி இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் பொய் ஃபங்ஷனை எடுத்துவிட்டு மெய்யை வைப்பதுதான் மீதி வேலை. யாராவது தாமதித்தால் அவருடைய பொய் இருந்துகொண்டே இருக்கும், மற்றவர்கள் நிற்க வேண்டியதில்லை.

நான்காவது வாரம் பவர். இதைக் கடைசிக்குத் தள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வழக்கமாக நடப்பது இது: எல்298என் டிரைவர் போர்டில் ஒரு 5 வோல்ட் முனை இருக்கும், அதிலிருந்தே இஎஸ்பி32-க்கும் சென்சாருக்கும் பவர் எடுத்துவிடுவார்கள். அந்த முனைக்குப் பின்னால் இருப்பது சின்ன ரெகுலேட்டர், அரை ஆம்பியர்தான் தாங்கும், உள்ளே ஏறக்குறைய 7 வோல்ட் வந்தால்தான் வெளியே 5 வோல்ட் ஒழுங்காகத் தரும். இரண்டு செல் பேட்டரி 7.4 வோல்ட். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும் நொடியில் பேட்டரி வோல்ட்டேஜ் 7-க்குக் கீழே சரியும், அதே நேரம் வைஃபை ஒரு இழுப்பு இழுக்கும், போர்டு ரீசெட் ஆகும். வண்டி அசைந்து, நின்று, அசைந்து, நின்று விக்கல் எடுப்பது போல நடக்கும். ப்ரோகிராமில் பிழை என்று தலைக்காரர் இரவெல்லாம் தேடுவார். லேப்டாப்பில் யூஎஸ்பி வயரைச் செருகிப் பார்த்தால் பிழையே வராது, ஏனென்றால் அப்போது போர்டுக்கு லேப்டாப் பவர் தருகிறது.

கண்டுபிடிக்கும் வழி மல்டிமீட்டர் அல்ல. சில மில்லிசெகண்ட் சரிவை அது சராசரியாக்கி மறைத்துவிடும். ஆஸிலோஸ்கோப் கிடைத்தால் 5 வோல்ட் வயரில் வைத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போர்டையே கேட்கலாம்:

```cpp
Serial.println((int)esp_reset_reason());
```

இது `setup()`-இல் இருக்கட்டும். 1 வந்தால் சாதாரணமாகப் பவர் போட்டதால் தொடங்கியது. 9 வந்தால் வோல்ட்டேஜ் சரிந்து விழுந்தது. சீரியலில் `Brownout detector was triggered` என்ற வரியும் பெரும்பாலும் தெரியும். 4 வந்தால் தலைக்காரர் இரவு விழிக்க வேண்டும், அது ப்ரோகிராம் முறிந்ததற்கான எண். யூஎஸ்பி இல்லாமல் ஓடும்போது இதை எப்படிப் படிப்பது என்றால், இந்த எண்ணையும் போன் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். வாய்க்காரருக்கு அது பத்து நிமிட வேலை.

தீர்வும் சொல்லிவிடுகிறேன். போர்டுக்குத் தனியாக ஒரு ஸ்டெப்-டவுன் போர்டு, பேட்டரியிலிருந்து நேராக. அதன் வெளிமுனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். எல்லா கிரவுண்டும் பேட்டரி மைனஸில் ஒன்றுசேரட்டும். `drive` ஃபங்ஷன் வேகத்தை ஒரேயடியாகத் தூக்காமல் 300 மில்லிசெகண்டில் ஏற்றட்டும். அதற்காக உள்ளே `delay` வைத்துவிடாதீர்கள், கூப்பிடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏற்றிவிட்டு உடனே திரும்பட்டும், தாளில் எழுதியது அதுதான். மைல்கல்லின் தேர்வு: யூஎஸ்பி இல்லை, வைஃபை ஓடுகிறது, சக்கரங்களைக் கையால் இறுக்கிப் பிடித்து முழு வேகம் கொடுங்கள், இரண்டு வினாடி, பத்து முறை. ஒரு ரீசெட்கூட வரக்கூடாது. அதற்கு முன் மோட்டார் நின்றுபோகும்போது இழுக்கும் கரண்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டார் 2 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் இந்த டிரைவர் அதற்கு ஏற்றதல்ல.

ஆறாவது வாரம் தனித்தனிச் சோதனை. சக்கரம்: கோடு பார்க்காமல் 3 மீட்டர் ஓடி ஒரு சாணுக்கு மேல் விலகக்கூடாது. கண்: எதிரே பொருள் வைத்தும் வைக்காமலும் சொன்ன நேரத்துக்குள் பதில் வர வேண்டும். அல்ட்ராசோனிக்கின் எக்கோ முனை 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டையும் வைத்துக் குறைத்திருக்கிறாரா என்பதைச் சக்கரக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

ஏழு முதல் ஒன்பது வரை சேர்ப்பது. ஒரு நாளைக்கு ஒரு மெய் ஃபங்ஷன்தான். முதலில் `drive`, பிறகு `lineError`, பிறகு `obstacleCm`, கடைசியில் `report`. ஒவ்வொன்றைச் சேர்த்த பின்பும் அதற்கு முந்தைய எல்லாத் தேர்வையும் திரும்ப ஓட்டுங்கள், சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது உட்பட. ஓடினால் அன்றைக்கே `git tag` போட்டு ஒரு பெயர் வையுங்கள். ஓடாவிட்டால் சரிசெய்ய ஒரு மணி நேரம். அதற்குள் முடியாவிட்டால் நேற்றைய டேகுக்குத் திரும்பிவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் செய்தவரும் தலைக்காரரும் தனியே எடுத்துக்கொண்டு போகட்டும். நால்வரும் ஒரே வண்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வயரை மாற்றிக்கொண்டிருந்தால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

பத்து முதல் பன்னிரண்டு வரை ஓட்டமே ஓட்டம்தான். ஒரே பாதையில் 20 முறை, பாதியில் ஆள் குறுக்கே வந்து நிற்பது பத்து முறை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வாய்க்காரர் நோட்டில் ஒரு வரி: எங்கே தவறியது, `worst` எவ்வளவு, பேட்டரி எத்தனை வோல்ட். ரிப்போர்ட்டின் முடிவுகள் அத்தியாயம் இதுதான், தனியாக எழுத வேண்டாம். பிசிபி ஆசை இருந்தால் ஒன்பதாவது வாரம் சேர்ந்து ஓடிய பிறகு ஆர்டர் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் `GPIO26`-ஐ மாற்றப் போர்டில் டிராக்கை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் பிரெட்போர்டிலேயே நின்றுவிடவும் கூடாது, ஓடும் வண்டியின் அதிர்வில் வயர் கழன்றுவிடும். ஓட்டைப் போர்டில் சால்டர் செய்தால் தாராளமாகப் போதும். பன்னிரண்டாவது வாரக் கடைசியில் வண்டியைப் பூட்டிவிடுங்கள். அதன் பின் வருவது பிழைத் திருத்தம் மட்டும், புது வசதி கிடையாது.

ஒழுங்காக வராத அந்த நண்பர். அவருக்கு வாய் வேலையைக் கொடுங்கள். காரணம் எளிது: போன் பக்கம் இல்லாமலும் வண்டி ஓடும், சக்கரம் இல்லாமல் ஓடாது. அவரை நம்பி நிறுத்தும் பட்டனைப் போனில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மோட்டார் பவரைத் துண்டிக்கும் ஒரு நிஜ சுவிட்ச் வண்டி மேலேயே இருக்கட்டும், அது சக்கரக்காரர் வேலை. ஆறாவது வாரம் அவருடைய பொய் ஃபங்ஷன் பொய்யாகவே இருந்தால், கையெழுத்து நோட்டோடு நால்வரும் சேர்ந்து கைடைப் பாருங்கள். "அவன் வருவதில்லை" என்று புகார் சொல்வதும், "இந்தத் தேர்வு இன்னும் நடக்கவில்லை" என்று பக்கத்தைக் காட்டுவதும் ஒன்றல்ல. பதினான்காவது வாரம் போய்ச் சொன்னால் கைடாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறில் சொன்னால் போன் பக்கத்தைக் கண்காரர் எடுத்துக்கொள்ள நேரமிருக்கும். சோதனை அளப்பதையும் நோட்டு எழுதுவதையும் அந்த நண்பரிடமே விட்டுப் பாருங்கள். ப்ரோகிராமில் தடுக்கி, வெட்கப்பட்டு வராமல் இருப்பவர்களும் உண்டு, அவர்கள் இந்த வேலைக்கு வந்துவிடுவார்கள்.

டெமோவுக்கு முந்தைய நாள் ஒன்று. கோடு சென்சார் அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பது. ஜன்னல் வெயில் தரையில் விழுந்தால் கறுப்பும் வெள்ளையும் அதற்குக் குழம்பும். டெமோ நடக்கும் அதே அறையில், அதே நேரத்தில், அதே தரையில் டேப்பை ஒட்டிக் கறுப்பு வெள்ளை எல்லைகளை மறுபடி அளந்து பதிவு செய்யுங்கள். முடிந்தால் இந்த அளவை எடுக்க வண்டியிலேயே ஒரு பட்டன் வையுங்கள், பெஞ்சை வேறு பக்கம் நகர்த்திவிட்டார்கள் என்றால் அந்த இடத்திலேயே அழுத்திக்கொள்ளலாம்.